சுங்கை சிப்புட் டிரைவிங் பள்ளி: புக்கிட்டுக்குப் பயப்படுகிறவர்கள் கேட்டவை

மாஸ்டர், எனக்கு இப்பதான் 17 ஆச்சு. புக்கிட்ல நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால உருண்டுட்டா? நினைச்சாலே கை நடுங்குது.

உருண்டால் அந்தச் சோதனை போச்சு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஏன் உருளுகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மேட்டில் மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாகிவிட்டது. இனி அவசரமே இல்லை, கார் எங்கும் போகாது. முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக மேலே விடுங்கள். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் கனத்து, பானெட் லேசாகத் தூக்கும். கால் அங்கேயே நிற்கட்டும். எண்ணெய்ப் பெடலைக் கொஞ்சம் மிதித்து, அப்புறம்தான் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். பானெட் தூக்குவதற்கு முன்பே இறக்கினால்தான் கார் பின்னால் வரும்.

என்ஜின் அலறுகிறது, கார் நகரவில்லை என்றால் கிளட்ச் இன்னும் கீழே இருக்கிறது, அல்லது ஹேண்ட் பிரேக் இன்னும் மேலே இருக்கிறது. கார் உதறினால் கிளட்சை அதிகம் விட்டுவிட்டீர்கள். கருகிய வாடை வந்தால் நிறுத்தி இறங்கிவிடுவோம், கிளட்ச் ஆறட்டும். என்ஜின் அணைந்துவிட்டதா? முதலில் கால் பிரேக், மற்றதெல்லாம் பிறகு. பதறிப்போய்க் காலை எடுப்பவர்களின் கார்தான் உருளும்.

போன மாதம் வந்த ஒரு பெண் மேடு ஏறியதுமே அழுதுவிட்டார். அவரைச் சமதரையில் உட்காரவைத்து, எண்ணெயைத் தொடாமல் கிளட்சை மட்டும் வைத்து காரை நகர்த்தச் சொன்னேன். அந்த வகுப்பு முழுக்க அதுதான். அடுத்த வகுப்பில் மேட்டில் அவர் கால் தானாகவே அந்த இடத்தில் நின்றது.

ஆட்டோ லைசன்ஸ் எடுத்தா புக்கிட்டே கிடையாதாம். என் கூட்டாளி சொன்னான்.

உங்கள் கூட்டாளி சொன்னது சரியில்லை. புக்கிட் உண்டு, கிளட்ச்தான் கிடையாது. ஆனால் டிஏ என்கிற ஆட்டோ லைசன்ஸ் கையில் வந்தபின் மேனுவல் வண்டியைத் தொட முடியாது. வீட்டில் இருப்பது பழைய மேனுவல் கார் என்றால், அல்லது தோட்டத்து லோரி ஓட்டும் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், மேனுவலுக்கான டி எடுங்கள். ஆட்டோ மட்டும்தான் ஓட்டப்போகிறேன் என்பவர் வீணாகச் சிரமப்பட வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற மாஸ்டர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அப்பா செம்பனைக் காட்டு ரோட்ல கத்துத் தர்றேன்னு சொல்றாரு. காசு மிச்சமாகுமே?

எல் லைசன்ஸ் வைத்திருப்பவர் அனுமதி பெற்ற பயிற்றுநருடன், பள்ளியின் வண்டியில்தான் ஓட்டலாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் அது கணக்கில் வராது. செம்மண் பாதையில் பழகியவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: குழியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார், கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். அதை மாற்ற நான் தலைகீழாக நின்றாலும் நாளாகும். அப்பாவை காரின் எண்ணெய், தண்ணீர், டயர் பார்ப்பது எப்படி என்று சொல்லித்தரச் சொல்லுங்கள். வண்டியைச் சரிபார்ப்பதும் சோதனையில் உண்டு.

எனக்கு மலாய் அவ்வளவா வராது. உண்டாங் பாஸ் பண்ண முடியுமா?

கணினியில் தமிழிலும் எழுதலாம். 50 கேள்வியில் 42 சரியாக வேண்டும். அதற்கு முன் 6 மணி நேர வகுப்பு, நிறக்குருடு பரிசோதனையும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் தமிழ்க் கேள்விகளைப் பழகிப் பார்க்கலாம், காசு கேட்க மாட்டோம்.

மொத்தம் எவ்வளவு? பக்கத்து டவுன்ல கம்மியா சொல்றாங்க.

எங்களிடம் மேனுவல் கார் 2,200 வெள்ளி. பதியும்போது 700, ஓட்ட ஆரம்பிக்கும்முன் 800, சோதனைக்கு முன் 700. வகுப்பு, எல், ஜேபிஜே தேதி எடுத்துக் கொடுப்பது, முதல் சோதனை எல்லாம் இதில் அடங்கும். தோற்றால் மறுசோதனைக் கட்டணமும் கூடுதல் பயிற்சியும் தனி. பாஸானபின் 2 ஆண்டு பி லைசன்ஸுக்கு 60 வெள்ளி தனியாகக் கட்ட வேண்டும். குறைவாகச் சொல்பவர்களிடம் "மறுசோதனைக்கு எவ்வளவு, வண்டி வாடகை உண்டா" என்று கேட்டு, எழுதி வாங்குங்கள்.

கொஞ்சம் கோப்பிக் காசு சேத்துக் குடுத்தா சுலபமா முடியும்ல?

இங்கே முடியாது. வேறு கேள்வி கேளுங்கள்.

மாஸ்டர், நான் 20 வருஷமா மோட்டார் ஓட்டுறேன், தோட்டத்து ரோட்டுல எனக்குத் தெரியாத குழி இல்ல. இந்தப் பையனுக்கு ஏன் இவ்வளவு பயம்?

அக்கா, மோட்டாரில் கிளட்ச் கையில், காரில் காலில். பழைய மோட்டார் லைசன்ஸ் நடப்பில் இருந்தால் கார் லைசன்ஸுக்காக உங்களுக்கு உண்டாங் திரும்ப எழுத வேண்டி வராது என்றுதான் நினைக்கிறேன். அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் கதை வேறு. ஐசியோடு அதையும் எடுத்து வாருங்கள், ஜேபிஜேயில் கேட்டபின்தான் பணம் வாங்குவேன்.