கயிறும் எடையும் கல்லை எறிந்த கதை

கேள்வி: அந்தக் காலப் போர்களில் கல்லெறியப் பயன்பட்ட ட்ரெபுஷே, கேடபல்ட் என்ற இயந்திரங்கள் இரண்டும் ஒன்றுதானா? வெறும் கயிறையும் எடையையும் வைத்து அவ்வளவு கனமான கல்லை எப்படி எறிந்தார்கள்?

ஒன்றில்லை. ரோமானியர்களின் கேடபல்ட்டுக்கு வலு கொடுத்தது முறுக்கிய கயிறு. விலங்குகளின் தசைநாரையும் முடியையும் புரியாகத் திரித்து, கட்டுக்கட்டாகச் சட்டத்துக்குள் இறுக்கி முறுக்குவார்கள். அதற்குள் செருகிய மரக்கையைப் பின்னுக்கு இழுத்தால் முறுக்கு இன்னும் ஏறும். விட்டதும் கை சட்டென்று திரும்பி அடிக்கும். இரண்டு கைகள் உள்ள வகையில் இரண்டு கட்டுகளும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எறிவது கோணிப் போகும். அதனால் இரண்டையும் தட்டிப் பார்த்து, ஒரே சுருதி வருகிறதா என்று காதால் சோதிக்கச் சொல்கிறார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ். மழையில் நனைந்தால் தசைநார் தொய்ந்துவிடும், சுருதியும் போய்விடும்.

ட்ரெபுஷேவில் அந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட மரம், அச்சின் ஒரு பக்கம் குட்டை, மறு பக்கம் நான்கைந்து மடங்கு நீளம். குட்டைப் பக்கத்தில் மண்ணோ கல்லோ ஈயமோ நிரப்பிய பெட்டி. நீண்ட முனையைக் கீழே இழுத்துப் பூட்டினால் பெட்டி மேலே ஏறிவிடும். 6 டன் பெட்டி 3 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் ஆற்றல் சுமார் 1,80,000 ஜூல். மரத்தையும் பெட்டியையும் அசைப்பதிலேயே பாதி போனாலும், 100 கிலோ கல் நொடிக்கு 42 மீட்டர் வேகத்தில் கிளம்பும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் சுமார் 180 மீட்டர் தள்ளிப் போய் விழும்.

ஆனால் உண்மையான கெட்டிக்காரத்தனம் முனையில் தொங்கும் கவணில்தான் இருக்கிறது. கவணின் ஒரு கயிறு மரத்தோடு கட்டியிருக்கும். இன்னொன்றின் வளையம் முனையிலுள்ள கொக்கியில் சும்மா மாட்டியிருக்கும். மரம் சுழலும்போது கவண் அதைவிட வேகமாகச் சுற்றி, சரியான கோணம் வந்ததும் வளையம் தானாக வழுக்கிக் கழன்றுவிடும். என் மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு சின்ன மாதிரி செய்தோம். கொக்கிக்குப் பதில் ஆணி. முதல் மூன்று முறையும் கல் நேராக மேலே போய் எங்கள் பின்னால் விழுந்தது. வளையம் சீக்கிரமே கழன்றுவிடுகிறது என்று புரிந்தது. ஆணியை எறியும் பக்கமாகக் கொஞ்சம் வளைத்ததும் கல் முன்னால் பாய்ந்தது. இன்னும் வளைத்தோம், தாமதமாக விடுபட்டு எதிரே தரையில் மோதியது. எடையையோ மரத்தையோ நாங்கள் தொடவே இல்லை.

பெட்டியின் எடை மாறாததால், ஒரே அளவுக் கற்களை வைத்தால் அடுத்தடுத்த அடி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். மதிலை உடைக்க அதுதான் வேண்டும். 1304-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், எடைகளுக்காகத் தேவாலயக் கூரைகளிலிருந்த ஈயத்தை உரித்தெடுக்கச் சொன்னார். அங்கே தச்சர்கள் கட்டிய ராட்சத ட்ரெபுஷேவுக்குப் பெயர் 'வார்வுல்ஃப்', போர் ஓநாய். கோட்டைக்குள் இருந்தவர்கள் சரணடைய வந்தபோதும் எட்வர்ட் சம்மதிக்கவில்லை. வார்வுல்ஃப் மதிலை அடிப்பதைப் பார்த்த பிறகே அவர்களை ஏற்றுக்கொண்டார்.