கடனாகிவிட்ட நன்றி

அன்புள்ள ஐயா,

வேலை மாறும்போது பழைய மேலாளர் ஒருவர் என் விண்ணப்பத்தைத் திருத்தித் தந்தார். இரண்டு மாலைகள் நேர்காணலுக்கும் பயிற்சி கொடுத்தார். வேலை கிடைத்ததும், "இன்று நான் இருப்பதெல்லாம் உங்களால்தான். வாழ்நாள் முழுக்க உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்" என்று செய்தி அனுப்பினேன். "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்" என்று பதில் வந்தது. அதன்பிறகு அவர் சற்று விலகியே இருக்கிறார். நான் என்ன தவறு செய்தேன்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மனதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செய்திக்கு அவர் வேறு என்ன பதில் எழுதியிருக்க முடியும்? "ஆமாம், என்னால்தான்" என்று எழுத முடியாது. மறுக்க மட்டும்தான் வழி. நன்றியை வாங்கிக்கொண்டு மகிழ வேண்டியவருக்கு, அதைத் திருப்பித் தரும் வேலை வந்துவிட்டது.

அடுத்து அந்தக் 'கடன்'. அவர் கொடுத்தது இரண்டு மாலைகள். நீங்கள் எழுதிக் கொடுத்தது வாழ்நாள் பத்திரம். நாளைக்கு அவருக்கு உங்களிடம் சின்னதாக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், பழைய பாக்கியை வசூலிப்பதுபோலத் தோன்றுமே என்று தயங்குவார். எனக்கே இது நடந்திருக்கிறது. "என் உயிர் உள்ளவரை" என்று எழுதிய ஒரு நண்பரிடம், நாலு பக்கம் பிழை பார்த்துத் தரக் கேட்க எனக்கு மாதக்கணக்கில் வாய் வரவில்லை. கடைசியில் வேறொருவரிடம் கொடுத்தேன்.

நன்றியும் கடன்பட்ட உணர்வும் ஒன்றல்ல. உளவியலாளர் பிலிப் வாட்கின்ஸும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உதவியவர் பதிலுக்கு எதிர்பார்க்கிறார் என்று தெரியத் தெரிய, கடன் உணர்வு ஏறியது, நன்றியுணர்வு இறங்கியது. உங்கள் மேலாளர் எதையும் எதிர்பார்க்கவில்லை. கணக்கைத் திறந்தது உங்கள் வாக்கியம்தான்.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. 'எல்லாம்' என்ற சொல்லுக்குள் அவர் செய்த காரியமே காணாமல் போய்விட்டது. இப்படி எழுதியிருக்கலாம்: "விண்ணப்பத்தின் முதல் பத்தியை வெட்டச் சொன்னீர்களே, நேர்காணலில் அவர்கள் நேராகத் திட்டப் பணிக்கே வந்துவிட்டார்கள். வேலையை ஏன் விடுகிறீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் சொன்னபடியே பதில் சொன்னேன், திணறவில்லை. இரண்டு மாலைகளை எனக்காக ஒதுக்கியதற்கு மிக்க நன்றி."

இதற்கு அவர் "அப்படியா! வேறென்ன கேட்டார்கள்?" என்று எழுதலாம். பேச்சு நீளும். கைம்மாறு செய்தே தீர வேண்டும் என்று தோன்றினால், உங்களால் முடிகிற ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "உங்கள் குழுவில் யாராவது நேர்காணலுக்குத் தயாரானால், ஒரு மணி நேரம் நான் உட்காருகிறேன்" என்பதுபோல. அதை அவர் ஏற்கலாம், விட்டுவிடலாம், இருவருக்கும் சங்கடமில்லை.

சரி, அனுப்பியாகிவிட்டது. அதற்கு விளக்கமோ மன்னிப்போ அனுப்ப வேண்டாம், அவர் மறுபடி சமாதானம் சொல்ல வேண்டிவரும். புது வேலையில் ஒரு மாதம் போகட்டும். அவர் சொல்லிக்கொடுத்த ஏதாவது ஒன்று கைகொடுத்த அன்று, அதை மட்டும் இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.