குடும்பக் கட்டுப்பாடு செய்த ஆணுக்கு 'அது' போய்விடுமா? கேள்வி-பதில்

ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், அதாவது வாசெக்டமி பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை குழந்தை பிறக்குமா பிறக்காதா என்பதைப் பற்றியே இருக்காது. எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: ஆண்மை போய்விடுமா? வெட்கப்படாமல் கேட்டவர்களின் கடிதங்களில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் மாடு வளர்க்கிறோம். காயடித்த காளை கொஞ்ச நாளில் அடங்கி ஒடுங்கிவிடும், பசுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டு பிள்ளைகள் போதும் என்று நான் ஆபரேஷனுக்குத் தயாராக இருக்கிறேன், ஆனால் அப்பா "உன்னையும் காயடிக்கப் போறாங்களா?" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. (வயது 36)

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விதையிலிருந்து வயிற்றுக்கு மேலே ஏறும் ஒரு கொடி இருக்கிறது. அந்தக் கொடிக்குள் பல சமாச்சாரங்கள் ஒன்றாகப் போகின்றன: விதைக்கு ரத்தம் கொண்டு வரும் தமனி, ரத்தத்தைத் திரும்ப எடுத்துப் போகும் சிரைகளின் பின்னல், மெல்லிய நரம்புகள், இவற்றோடு விந்தணுவை மேலே கொண்டு செல்லும் விந்துக் குழாய். காளைக்கு இடுக்கி போட்டுக் காயடிக்கும்போது தோலுக்கு மேலிருந்தே அந்தக் கொடி மொத்தமாக நசுக்கப்படுகிறது. தோல் கிழியாது, ஆனால் உள்ளே ரத்த ஓட்டம் நின்றுவிடும், சில வாரங்களில் விதை சுருங்கிப் போகும். விதை போனால் அதில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் போகும். காளை அடங்குவதற்குக் காரணம் அதுதான்.

வாசெக்டமியில் டாக்டர் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. விதைப்பையின் தோலுக்கு மேலேயே விரலால் தடவி, கொடிக்குள் இருக்கும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் அந்த விந்துக் குழாயை மட்டும் பிரித்துத் தோலை ஒட்டிக் கொண்டு வருவார். தொட்டால் இறுக்கமான கயிறு மாதிரி விரலுக்குத் தட்டுப்படும், உங்கள் விதைப்பையின் மேல்பக்கம் நீங்களே தடவிப் பார்க்கலாம். அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியாகக் குழாயை வளையமாக வெளியே எடுத்து, சிறு துண்டு வெட்டி, முனைகளை அடைத்து உள்ளே விட்டுவிடுவார். இரண்டு பக்கமும் இதேதான். தமனியும் சிரையும் அப்படியே இருக்கும்.

டெஸ்டோஸ்டிரோன் விந்துக் குழாய் வழியாகப் போவதே இல்லை, விதையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. குழாயை அடைத்தாலும் அது வழக்கம்போலத்தான் சுரக்கும். ஆசை, மீசை, குரல், தசை எதுவும் மாறாது.

ஒரு கூடுதல் தகவல், அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். 1920களில் ஐரோப்பாவில் நம்பிக்கை தலைகீழாக இருந்தது. வியன்னாவில் ஷ்டைனாக் என்ற உடலியல் ஆய்வாளர், விந்துக் குழாயைக் கட்டிவிட்டால் ஆண்மை பெருகும், இளமை திரும்பும் என்றார். மனநல மருத்துவர் ஃபிராய்டு 1923-லும் கவிஞர் யேட்ஸ் 1934-லும் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார்கள். அந்த நம்பிக்கையும் பொய்தான். கூட்டவும் கூட்டாது, குறைக்கவும் குறைக்காது.

ஆபரேஷனுக்குப் பிறகு உச்சத்தில் ஒன்றுமே வராதாமே? வெறும் காற்றுதான் என்று நண்பன் சொல்கிறான்.

உங்கள் நண்பர் ஆபரேஷன் செய்துகொண்டவராக இருக்க முடியாது.

வெளியே வரும் விந்தில் பெரும்பகுதி விதையிலிருந்து வருவதில்லை. சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் விந்துப் பைகளும் அதற்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியும்தான் அதைச் சுரக்கின்றன. இரண்டுமே குழாய் வெட்டப்படும் இடத்துக்கு வெகு மேலே, வயிற்றின் அடிப்பகுதிக்குள் இருக்கின்றன. விதையிலிருந்து வந்து சேரும் பங்கு மிகவும் கொஞ்சம், நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது. அது நின்றால் கண்ணுக்குத் தெரியாது. நிறம், வழவழப்பு, பீச்சி வரும் வேகம், அப்போது கிடைக்கும் சுகம் எல்லாம் பழையபடிதான். மனைவிக்கும் வித்தியாசம் தெரியாது, மைக்ராஸ்கோப்புக்கு மட்டும்தான் தெரியும்.

ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்கில் கழித்து, அளவு உண்மையிலேயே சட்டென்று குறைந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் மாத்திரை இதைச் செய்யும். நாள்பட்ட சர்க்கரை நோயிலும் விந்து வெளியே வராமல் பின்னால் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது உண்டு.

விந்தணு வெளியே போக வழியில்லை என்றால் உள்ளேயே தேங்கி வீங்காதா? ரத்தத்தில் கலந்து விஷமாகும் என்கிறார்களே?

விந்தணு தொடர்ந்து உருவாகும், கொஞ்ச நாளில் சிதையும், உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும் வெளியேறாத விந்தணு இப்படித்தான் கழிகிறது. விஷமெல்லாம் இல்லை. அப்புறம், "விந்து விட்டவன் நொந்து கெட்டான்" என்று பயப்படுகிறவர்களுக்கு இது ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருக்கலாம், விந்தணு உள்ளேயே தங்கிவிடுகிறதே.

ஆபரேஷன் ஆகிப் பதினைந்து நாள் கழித்து மனைவியோடு முயன்றேன். விறைப்பு வந்து பாதியிலேயே போய்விட்டது. அடுத்த முறையும் அப்படியே. நரம்பில் கை வைத்துவிட்டார்களோ? (வயது 31)

விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டை ஒட்டி இறங்கி ஆணுறுப்புக்குப் போகின்றன. உங்களுக்குக் கை வைத்தது விதைப்பையில். அந்த இடத்தில் என்ன செய்தாலும் இந்த நரம்பு எட்டாது.

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? தனியாக இருக்கும்போது வருகிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் நரம்பும் ரத்தக் குழாயும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். முதல் முறை வலிக்குமோ, தையல் பிரியுமோ, ஆண்மையே போய்விட்டிருக்குமோ என்ற பயத்தோடு போயிருப்பீர்கள். பயப்படும்போது சுரக்கும் அட்ரினலின் ஆணுறுப்பின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், விறைப்பு இறங்கும். அடுத்த முறை, "போன தடவை மாதிரி ஆகிவிடுமோ" என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவே மறுபடி நடக்கும். இரண்டு வாரம் உறவு வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், தொட்டுக்கொள்வதோடு நிறுத்திப் பாருங்கள். மனைவியிடமும் சொல்லிவிடுங்கள், நீங்களாக மறைத்தால் அவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், இதற்குச் சிகிச்சை உண்டு.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன். இப்போது ஒரு வருஷமாக விறைப்பு குறைந்துகொண்டே வருகிறது. பழைய தையலை அவிழ்த்து இணைத்துவிட்டால் சரியாகுமா? (வயது 44)

முந்தைய கடிதத்தோடு சேர்த்துப் படியுங்கள், வித்தியாசம் புரியும். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷன் காரணமாக இருந்தால் மூன்று வருஷம் காத்திருக்காது. இங்கே போடாத பகுதியில் நீங்கள் எழுதியபடி, மெல்ல மெல்லக் குறைந்திருக்கிறது, காலை விறைப்பும் போய்விட்டது, ராத்திரி இரண்டு முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறீர்கள், அப்பாவுக்குச் சர்க்கரை. இதைப் படித்ததும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிப் பதில் போட்டேன். அனுப்பிய ரிப்போர்ட்டில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.1, வெறும் வயிற்றில் 186. காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில்.

ஆக, காரணம் கண்டுபிடிக்கப்படாமல் இருந்த சர்க்கரை நோய். அது ஆணுறுப்பின் சின்ன ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும். நாற்பதை ஒட்டி ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் எட்டிப் பார்க்கிற வயதும் அதுவே. பழி மட்டும் ஆபரேஷன் மேல் விழுகிறது. குழாயை மறுபடி இணைப்பதால் விறைப்பு துளியும் கூடாது, பணமும் நேரமும்தான் போகும். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள், இதயத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விறைப்புக் குறைவது சில சமயம் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு முன்னோட்டம். சில்டெனாஃபில் போன்ற மாத்திரையை டாக்டர் தரலாம், ஆனால் நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள்.

இனி பயமில்லை என்று கணவர் வெளியே போய்விடுவாரோ?

ஆபரேஷன் ஆசையைக் கூட்டாது என்று மேலே சொல்லிவிட்டேன். வீட்டுக்குள், "நாள் தள்ளிப்போச்சே" என்ற பதற்றம் இல்லாததால் நெருக்கம் கூடியது என்று சொல்லும் தம்பதிகள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்கிற மற்ற விஷயம் அவருடைய குணத்தைப் பொறுத்தது, விந்துக் குழாய்க்குச் சம்பந்தமில்லை.

எப்போது உறவு வைத்துக்கொள்ளலாம்? முதல் முறை விந்தில் பழுப்பு நிறமாக ரத்தம் வந்தது, பயந்துவிட்டேன்.

முதல் சில முறை அப்படி வரலாம், தானாக நின்றுவிடும். வலியும் வீக்கமும் அடங்கிய பிறகு, பெரும்பாலும் ஒரு வாரத்தில், ஆரம்பிக்கலாம். ஆனால் காண்டம் கட்டாயம். வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே நிற்கும் விந்தணுக்கள் தீர மாதக்கணக்காகும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, போதும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் காண்டத்தை விடலாம். இரண்டாவது மாதமே காண்டத்தை விட்டுவிட்டு, மனைவி கர்ப்பமானதும் அவர் மேல் சந்தேகப்படும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு மனைவியுடையது அல்ல. பரிசோதனைக்குப் பிறகும் மிக அரிதாகக் குழாய் தானாக இணைந்துவிடுவது உண்டு, அப்போதும் சண்டைக்கு முன்னால் விந்துப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள்.

விந்து வரும்போது விதையில் சுருக்கென்று வலிக்கிறது. இது எப்போதும் இருக்குமா?

முதல் சில வாரங்களில் வரும் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். விதைக்குப் பின்னால் விந்தணு சேரும் பகுதி கொஞ்சம் விம்மியிருக்கும், வெட்டிய இடத்தில் பட்டாணி அளவு கட்டி தட்டுப்படலாம். இறுக்கமான ஜட்டி போடுங்கள், டாக்டர் சொல்லும் வலி மாத்திரையைச் சில நாள் எடுங்கள்.

எல்லாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். நூற்றில் ஒருவர் இருவருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிற, வாழ்க்கையைத் தொந்தரவு செய்கிற வலி வருவது உண்மை. வலிக்குமே என்ற பயத்தில் அவர்களுக்கு ஆசையும் குறையலாம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் இதைச் சொல்லாத டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். மூன்று மாதம் தாண்டியும் வலி இருந்தால் யூராலஜிஸ்டைப் பாருங்கள், மாத்திரை, ஊசி, கடைசியாக ஆபரேஷன் என்று படிப்படியாக வழி இருக்கிறது. காய்ச்சல், விதைப்பை சிவந்து பெரிதாக வீங்குவது, துளையிலிருந்து சீழ் அல்லது நிற்காத ரத்தம் என்றால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.