சின்ன நாய்க்கு ஏன் பெரிய பில்?

"எங்கள் ஷிட்ஸுவுக்கு முடி வெட்டக் கொண்டுபோனோம். விலைப்பட்டியலில் இருந்ததைப் போல இரண்டரை மடங்கு கேட்டார்கள். சடைக்குப் பாதி, கூடுதல் நேரத்துக்குப் பாதி, கடிக்க வந்ததற்குப் பாதி என்று மூன்று தரம் சேர்த்திருக்கிறார்கள். மொத்தம் 2 மணி 40 நிமிடம் ஆனது. அதில் சடை எடுக்கவே முக்கால் மணி நேரமாம். கால்களில் முடி வெட்டும்போது 25 நிமிடம் இன்னொருவர் பிடித்துக்கொண்டாராம். அடுத்த வீட்டு லாப்ரடாருக்குக்கூட இவ்வளவு ஆகவில்லையே, இது நியாயமா?"

மூன்று பாதிகளில் இரண்டு நியாயம். நடுவில் உள்ள ஒன்றைப் பற்றிக் கேள்வி கேளுங்கள்.

முதலில் அந்த லாப்ரடாரை மறந்துவிடுங்கள். அதன் முடி ஓர் அளவுக்கு வளர்ந்து தானே உதிர்வது. குளிப்பாட்டி, உலர்த்தி, உதிர்முடியை வாரி எடுத்தால் வேலை முடிந்தது. ஷிட்ஸுவின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். கண்ணோரம், பாதம், வால் என்று ஒவ்வோர் இடத்தையும் கத்தரியால் திருத்த வேண்டும். உடலின் அளவு விலையை ஏற்றுவது உண்மைதான், ஆனால் ஒரே வகை முடி உள்ள நாய்களுக்குள்தான். சின்ன பூடிலுக்கும் பெரிய பூடிலுக்கும் உள்ள வித்தியாசம் அது.

இனி சடை. முடி உராயும் இடங்களில்தான் அது பிடிக்கும்: காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி. உதிர்ந்த முடி வெளியே விழாமல் உள்ளேயே சிக்கி, கம்பளித் துணிபோல் இறுகிவிடுகிறது. நாய் தோலை அசைக்கும்போதெல்லாம் அது இழுக்கும். முற்றிய சடையைச் சீப்பால் பிரிப்பது நாய்க்கு வதை. கிளிப்பரை அதற்கும் தோலுக்கும் நடுவே செலுத்தி, ஆட்டுத்தோலை உரிப்பதுபோல் மெதுவாக வழித்தெடுக்க வேண்டும். கால் இடுக்கில் தோல் மடிப்பாக மேலெழுந்து வரும். பிளேடுக்குத் தெரிவதெல்லாம் ஒரே மொத்தைதான், அதனால் மறுகையால் தோலை இழுத்துப் பிடித்தபடியே ஒவ்வொரு அங்குலமாக நகர வேண்டும். பிளேடு சூடேறினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். முக்கால் மணி நேரம் என்பது மிகையல்ல.

இப்போது கணக்குக்கு வருவோம். பட்டியல் விலை எத்தனை நிமிட வேலைக்கு என்று அந்தக் கடையில் கேளுங்கள். சின்ன, நீள்முடி நாய்க்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாதி விலை என்பது 45 நிமிடக் கூலி. சடைக்கு ஆனது 45 நிமிடம். அந்தப் பாதி சரி. மொத்தம் 160 நிமிடத்தில் 90-ஐயும் 45-ஐயும் கழித்தால் மிஞ்சுவது 25. அது நாய் முரண்டு பிடித்து இழுத்தடித்த நேரம். அதே 25 நிமிடம் இரண்டாவது ஆளும் நின்றிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் 50 நிமிடம், பாதி விலையைவிடச் சற்றே அதிகம். கடிக்க வந்ததற்கான பாதியும் சரியாகிவிட்டது. இதோடு கணக்கு தீர்ந்தது. பிறகு 'கூடுதல் நேரம்' என்பது எந்த நேரம்? முன்பே கணக்கில் வந்த நிமிடங்களேதான். இரண்டு மடங்கு நியாயம், இரண்டரை நியாயமில்லை. சண்டை வேண்டாம், "எந்த நிமிடங்களுக்கு எது?" என்று கேட்டாலே போதும், நேர்மையான கடைக்காரர் பில்லைத் திருத்துவார்.

அடுத்த முறை இரண்டு கூடுதல் தொகைகளில் ஒன்றையாவது தவிர்க்கலாம். மேலோட்டமாகப் பிரஷ் போட்டால் போதாது. நான் பார்க்கும் சடை பிடித்த நாய்களில் பாதி, தினமும் பிரஷ் போடப்படுபவைதான்! இரும்புச் சீப்பைத் தோலில் படும்படி ஊன்றி, முடியின் நுனிவரை இழுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சடை தொடங்கியிருக்கிறது. அதைப் பிரிக்கும்வரை குளிப்பாட்டாதீர்கள். நனைந்து உலர்ந்தால் அது இன்னும் இறுகும்.

கடிப்பதைப் பொறுத்தவரை, சடை இழுத்த வலியே காரணமாக இருக்கலாம். ஆனால் சடை எடுக்கும்போது கடித்ததா, சடையே இல்லாத பாதத்தைத் தொட்டபோதும் கடித்ததா என்று கேட்டு வையுங்கள். முன்னது என்றால், முடி சுத்தமாக இருக்கும் அடுத்த தரம் அந்தத் தொகை பெரும்பாலும் வராது. பின்னது என்றால் நகத்திலோ விரலிடுக்கிலோ புண் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எதுவும் இல்லையென்றால், வீட்டிலேயே தினமும் ஒரு நிமிடம் பாதத்தைப் பிடித்துப் பழக்குங்கள். "மயக்க மருந்து கொடுத்து வெட்டித் தருகிறோம்" என்று மருத்துவர் இல்லாத கடையில் சொன்னால் மட்டும் நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கத்தில் மூச்சடைக்கும் ஆபத்து மற்றவற்றைவிட அதிகம்.