கும்பகோணத்துக்காரரின் நாலு லட்சம்

வணக்கம் அம்மா,

போன வாரம் நீங்களும் மகளும் வந்திருந்தபோது, இரண்டு பேரும் என்னிடம் பேசினீர்களே தவிர ஒருவரோடொருவர் பேசவே இல்லை. தஞ்சாவூரில் பதினாலு வருடமாக நன்றாக ஓடும் உங்கள் பார்லரின் பெயரைக் கும்பகோணத்தில் போட ஒருவர் நாலு லட்சம் தருகிறேன் என்கிறார். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு பார்லரை ஊர் ஊராகக் கொண்டுபோவதுதான் என் வேலை என்கிறாள் பி.காம். முடித்த மகள். அவள் முதலில் எம்.பி.ஏ. படிக்கட்டும் என்கிறீர்கள் நீங்கள். அன்று அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்காததை இப்போது எழுதுகிறேன்.

அவள் ஆசை ஒன்றும் ஆகாத ஆசை இல்லை. சென்னையில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நேச்சுரல்ஸ் பல ஊர்களுக்குப் போனது இந்த வழியில்தான். ஆனால் உங்களிடம் இப்போது விற்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லைசென்ஸ் என்றால் பெயரையும் லோகோவையும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி, அவ்வளவுதான். ஃபிரான்சைஸ் என்றால் பெயரோடு வேலை செய்யும் முறை, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் சேர்ந்தது. கும்பகோணத்துக்காரர் ஃபிரான்சைஸ் என்றுதான் சொல்கிறார். ஆனால் உங்களிடம் எழுதி வைத்த முறை எதுவும் இல்லை. எல்லாம் உங்கள் கையிலும், எட்டு வருடமாகக் கூட இருக்கும் அந்த இரண்டு பெண்களிடமும் இருக்கிறது. கல்யாணப் பெண்ணின் வீட்டார் உங்களைத் தேடி வருகிறார்களா, போர்டைத் தேடி வருகிறார்களா?

சரி, கணக்குக்கு வருகிறேன். மகள் போட்டிருந்த கணக்கில் உங்களுக்கு வரும் ராயல்டி மட்டும்தான் இருந்தது. கடையை எடுப்பவருக்கு என்ன மிஞ்சும் என்பது இல்லை. அவருக்கு மிஞ்சவில்லையென்றால் உங்களுக்கும் வராது. அதனால் ஒரு மாதக் கணக்கை அவர் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். தொகைகள் என் அனுமானம்தான். நீங்கள் கும்பகோணத்தில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. நீங்கலாக மாத பில்லிங் 4 லட்சம் என்று வையுங்கள். வாடகை 40,000, அதன் மேல் வரி 7,200. சம்பளமும் இன்சென்டிவும் 1,40,000. வெளியூர்ப் பெண்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு 25,000. கரண்ட், துணி வெளுப்பு, சாஃப்ட்வேர், இதர செலவு 33,000. கிரீம், கலர், ஷாம்பு வகையில் 60,000. உங்களுக்கு 8 சதவீத ராயல்டி 32,000, அதற்கு 18 சதவீத வரி 5,760. எல்லாம் போக அவருக்கு மிஞ்சுவது சுமார் 57,000. உள் அலங்காரத்துக்கும் நாற்காலி, மெஷினுக்கும் 20 லட்சம் கடன் எடுத்திருந்தால், 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் 43,500. கையில் நிற்பது பதிமூன்றாயிரத்துச் சொச்சம். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை கடையில் நின்றதற்கு!

பில்லிங் 3.2 லட்சமாக இறங்கினால், கிரீம் வகைச் செலவும் ராயல்டியும் அதற்கேற்பக் குறைந்தாலும், தவணை கட்டுவதற்கு முன்பே மூவாயிரம் நஷ்டம். ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கே இந்தக் கதி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மேக்கப் எவ்வளவு இறங்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தை மகள் கவனிக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாடிக்கையாளருக்கு நல்லதுதான். ஆனால் அதோடு உள்ளீட்டு வரி வரவும் போய்விட்டது. முன்பு வாடகைக்கும் ராயல்டிக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்; இப்போது அது முழுக்கச் செலவு. அதாவது நீங்கள் 8 சதவீதம் என்று சொல்லும் ராயல்டி, அவர் பையிலிருந்து 9.44 சதவீதமாகப் போகிறது. பழைய ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் எதையாவது பார்த்து அப்படியே சதவீதத்தை எழுதிவிட வேண்டாம்.

மிச்சம் இப்படி மெல்லியதாக இருக்கும்போதுதான் தகராறு ஆரம்பிக்கும். பில் போடாமல் வேலை செய்வது, பணத்தைத் தன் சொந்த க்யூஆர் கோடுக்கு வாங்குவது, இவைதான் முதலில் வரும். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபேஷியல் கிட்டில் ஒருவருக்கு ஒன்று என்று வரும் வகையை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதை உங்களிடமிருந்தே, வாங்கிய விலைக்கே கொடுங்கள். மாதக் கடைசியில் இருப்பைக் கழித்து, செலவான கிட்டையும் பில்லான ஃபேஷியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிட் 60 தீர்ந்து பில் 38 இருந்தால் பணம் வேறு பக்கம் போகிறது. பில் 60 இருந்து கிட் 38 தீர்ந்திருந்தால் அது இன்னும் மோசம்: மலிவான கிரீமை வைத்து உங்கள் பெயரில் வேலை நடக்கிறது. முகம் சிவந்து வீங்கிப்போன பெண் திட்டுவது உங்கள் பார்லரைத்தான்.

கிட்டில் நீங்கள் லாபம் வைத்தால் இந்தச் சோதனை கெட்டுவிடும். அவர் வெளியே வாங்கத்தான் செய்வார், அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது.

அடுத்து, போர்டு மாற்றுவது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு இது நடந்தது. மூன்று வருடம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், அதே கட்டடம், அதே ஆட்கள், அதே போன் நம்பர், பெயர் மட்டும் புதிது. ‘பிரிந்த பிறகு இரண்டு வருடம் இந்தத் தொழில் செய்யக் கூடாது’ என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை பொதுவாகச் செல்லாது. நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஆகவே கடையின் போன் நம்பர், கூகுள் மேப் பதிவு, பில்லிங் சாஃப்ட்வேர் மூன்றும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்க வேண்டும். முடிந்தால் வாடகை ஒப்பந்தத்திலும், அவர் விலகினால் இடம் உங்களுக்கு என்று ஒரு வரி சேருங்கள்.

பெயர் விஷயத்தில் எனக்கு இன்னும் கவலை. உங்கள் சொந்தப் பெயரைத்தான் பார்லருக்கு வைத்திருக்கிறீர்கள். அதே பெயருள்ள இன்னொரு பெண் நேர்மையாகத் தன் பெயரில் கடை வைத்தால் டிரேட்மார்க் சட்டம் அவரைத் தடுக்காது. வேறு சொல்லோடு சேர்த்து, முதலில் தேடிப் பார்த்து, சலூன் சேவைக்கான 44ஆம் வகுப்பில் விண்ணப்பியுங்கள். பதிவு கிடைத்தால் பத்து வருடம், பிறகு புதுப்பிக்கலாம். இது முடியாமல் யாரிடமும் பணம் வாங்காதீர்கள்.

மகளுக்கு நான் சொல்வது இது. ஒரு வருடம் ஏதாவது ஒரு பெரிய சலூன் சங்கிலியில் கிளை மேலாளருக்கு உதவியாளராகச் சேரட்டும். சம்பளம் குறைவாக இருக்கும், பரவாயில்லை. இருப்புக் கணக்கு, ஷிஃப்ட் போடுவது, ஒரு பெண் திடீரென்று ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது, இதெல்லாம் எம்.பி.ஏ. வகுப்பில் வராது. அப்புறம் கும்பகோணத்தில் நீங்களே சொந்தமாகச் சின்னதாக ஒரு கடை போடுங்கள். மூன்று நாற்காலி போதும். அதை அவள் நடத்தட்டும். நீங்கள் மாதம் ஒரு முறைக்கு மேல் அங்கே போகக் கூடாது, உங்கள் இரண்டு பெண்களையும் அனுப்பக் கூடாது. ஓர் ஆடியும் ஒரு மார்கழியும் கடந்து அந்தக் கடை வாடகையும் சம்பளமும் கொடுத்தால், அவள் அங்கே எழுதி வைத்த நோட்டுதான் நீங்கள் விற்கக்கூடிய முறை.

நாலு லட்சக்காரரிடம் இப்போதைக்கு முன்பணமாக ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். டிரேட்மார்க் விண்ணப்பம் போட்ட பிறகு பேசலாம் என்று சொல்லி வையுங்கள். இந்தக் கணக்குத் தாளை மகளிடம் கொடுங்கள். கும்பகோணம் பெரிய தெருவில் நிஜமான வாடகையை விசாரித்து நிரப்பிக்கொண்டு அடுத்த மாதம் அவள் மட்டும் என்னை வந்து பார்க்கட்டும்.