ஓடிடிஆர் காட்டும் 7.86 கிலோமீட்டர் தரையில் எங்கே?

களப்பணியாளர்: சார், ஃபைபர் கேபிள் அறுந்த இடத்தைத் தேட ஓடிடிஆர் மெஷினில் ஒளி பல்ஸ் அனுப்பிப் பார்த்தோம். ட்ரேஸ் கோடு 7.86 கி.மீ.யில் விழுந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சிலிருந்து அளவுச் சக்கரம் உருட்டி அதே தூரத்தில் தோண்டினோம். கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷின் கோளாறா?

மெஷினைக் குறை சொல்லாதீர்கள். அது அளப்பது கண்ணாடி இழையின் நீளத்தை, ரோட்டின் நீளத்தை அல்ல. இழை கேபிளுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒவ்வொரு ஜாயின்ட் குழியிலும் லூப் வேறு கிடக்கும். அதனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து அளக்காமல், அறுந்த இடத்துக்கு முன்னால் இருக்கும் கடைசி ஜாயின்டிலிருந்து அளங்கள்.

நீங்கள் அனுப்பிய ட்ரேஸில் 2.03, 4.07, 6.11 கி.மீ.களில் சின்னப் படிகள் தெரிகின்றன. மூன்றும் ஸ்ப்ளைஸ், அதாவது ஜாயின்டில் இழைகளை ஒட்டிய இடங்கள். இரண்டாம் துண்டு ட்ரேஸில் 2040 மீட்டர். அதே துண்டுக்குக் கேபிள் உறையில் அச்சிட்ட மீட்டர் எண்களின் வித்தியாசம் 2018 என்கிறீர்கள். அப்படியென்றால் இழை சுமார் 1% அதிகம். கடைசி ஜாயின்டிலிருந்து முறிவு வரை இழை 1750 மீட்டர், உறைக் கணக்கில் 1731. குழியில் 10 மீட்டர் லூப் என்றால் மிச்சம் சுமார் 1720. அந்த ஜாயின்ட் ரோட்டில் 5.99 கி.மீ. என்றால் முறிவு 7.71-ல் இருக்க வேண்டும். 150 மீட்டர் தாண்டித் தோண்டியிருக்கிறீர்கள். நடுவில் யாராவது லூப் புதைத்திருந்தால் முறிவு இன்னும் எக்ஸ்சேஞ்ச் பக்கமாக வரும். முடிந்தால் எதிர்முனையிலிருந்தும் ஒரு ஷாட் எடுங்கள்.

பயிற்சி மாணவி: அறுந்திருந்தால் கூர்முனை எழும் என்று படித்தேன். எங்கள் ட்ரேஸில் முனையே இல்லை, கோடு நேரே இரைச்சலில் விழுகிறது. பல்ஸ் போதவில்லை, அவ்வளவுதானே அண்ணா?

பாதி சரிம்மா. கனெக்டரிலும் முனை எழும், ஆனால் அதைத் தாண்டிக் கோடு தொடரும். சுத்தமாக வெட்டுப்பட்ட இழையில் முனை எழுந்து கோடு முடிந்துவிடும். ஜேசிபி இழுத்து நசுக்கிய இழையிலும், நுனி தண்ணீரில் ஊறிய இழையிலும் முனை வராமலே போகலாம். பல்ஸை அகலமாக்கிப் பார். விழும் இடம் அதேதான் என்றால் அறுந்திருக்கிறது. கோடு இன்னும் தள்ளி ஓடினால் நீ சொன்னதுதான்.

ஒப்பந்ததாரர்: எங்கள் ஜாயின்ட் ஒன்றில் கோடு 0.12 டெசிபல் மேலே ஏறுகிறது. அருமையான ஸ்ப்ளைஸ் என்று பெட்டியை மூடிவிட்டோம்.

அவசரப்பட்டுவிட்டீர்கள். ஸ்ப்ளைஸில் வெளிச்சம் அதிகமாகாது. இரண்டாவது இழை வெளிச்சத்தைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிச் சிதறடிப்பதால் அப்படித் தெரிகிறது. மறுமுனையிலிருந்து சுட்டால் அதே ஜாயின்ட் இழப்பைக் காட்டும். அது 0.28 என்று வந்தால், இரண்டின் சராசரி 0.08. உண்மையான இழப்பு அதுதான்.

இன்னொருவர்: எங்களுக்கு 3.2 கி.மீ.யில் 0.4 டெசிபல் படி. அங்கே ஜாயின்டே இல்லை. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் மட்டும்தான் எடுத்தோம்.

சரி, 1310-லும் எடுங்கள். அதில் படி நன்றாகச் சிறுத்தால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால், யாரோ பழுது பார்த்துவிட்டு வரைபடத்தில் குறிக்காமல் விட்ட ஸ்ப்ளைஸாக இருக்கலாம். இந்த ஒரு ட்ரேஸை வைத்து என்னால் சொல்ல முடியாது.