ஏஐ எழுதிய புரபோசலா? மதிப்பீட்டாளர்கள் கேட்ட சில கேள்விகள்

ஆய்வு நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்களிடமிருந்து அண்மையில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஏஐ பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சுருக்கிப் பதில் எழுதுகிறேன். விண்ணப்பங்கள் ரகசியமானவை என்பதால், கீழே வரும் உதாரணம் நானே கட்டியது. யாருடைய புரபோசலும் அல்ல.

மேடம், முதல் முறையாக என்னை மதிப்பீட்டுக் குழுவில் போட்டிருக்கிறார்கள். வந்த விண்ணப்பங்களில் இரண்டு மூன்று அப்பட்டமாக ஏஐ எழுதியவை. படித்தாலே தெரிகிறது. நேராக நிராகரித்துவிடலாமா?

வேண்டாம். யார் எழுதியது என்பதை உங்களால் நிரூபிக்க முடியாது. என்ன எழுதவில்லை என்பதை வரி காட்டிச் சொல்ல முடியும். மதிப்பெண் அதற்குத்தான்.

ஒரு உதாரணம். தருமபுரி மாவட்டத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு பற்றி இரண்டு வருடத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வு முறைப் பகுதியில் இப்படி இருக்கிறது: "பல்வேறு இடங்களிலிருந்து முறையாக நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, ஐசிபி-எம்எஸ் உள்ளிட்ட அதிநவீனக் கருவிகளால் ஃபுளோரைடு அளவிடப்படும். முடிவுகள் தகுந்த புள்ளியியல் முறைகளால் விரிவாக ஆராயப்பட்டு, நிலையான மாற்று நீராதாரங்கள் பரிந்துரைக்கப்படும்."

வழவழவென்று இருக்கிறது, பிடிக்க ஒன்றுமில்லை. உங்களுக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். அந்தச் சந்தேகத்தை இன்னும் கவனமாகப் படிப்பதற்கான மணியாக எடுத்துக்கொண்டு, மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, கருவி. வழக்கமான ஐசிபி-எம்எஸ்ஸால் ஃபுளோரைடை ஒழுங்காக அளக்க முடியாது. அந்தக் கருவி ஆர்கான் பிளாஸ்மாவில் அணுக்களை அயனியாக்கி எண்ணுகிறது. ஃபுளோரினை அயனியாக்கத் தேவையான ஆற்றல் ஆர்கானுக்குத் தேவையானதைவிட அதிகம், ஆகவே பெரும்பகுதி அயனியாகாமலே போய்விடும். ஆர்சனிக், ஈயம் என்றால் அருமையான கருவி. ஃபுளோரைடுக்கு வேண்டியது அயனித் தேர்வு மின்முனை, அல்லது அயனி குரோமட்டோகிராஃபி. மின்முனை என்றால் டிசாப் கரைசல் சேர்ப்பதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும். நீரில் உள்ள அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டிசாப் அதை விடுவிக்கும். அது இல்லாமல் அளந்தால் அளவு குறைவாகக் காட்டும். மாதிரியைக் கண்ணாடியில் அல்லாமல் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுப்பதும் இப்படித்தான், ஆய்வகத்தில் கை வைத்தவர் மறக்காமல் எழுதுகிற விஷயம்.

இரண்டாவது, மாதிரிகள். எத்தனை கிணறு, எந்த வட்டம், எந்த மாதம்? மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறுகிறதா என்பதுதான் கேள்வி என்றால் அதே கிணறுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு கிணறு என்றால், தெரிகிற வித்தியாசம் மழையால் வந்ததா பாறையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. "தகுந்த புள்ளியியல் முறைகள்" என்ற சொற்கள் இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

மூன்றாவது, ஊர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. காவிரி நீர் குழாயில் வருகிற ஊரில் கிணற்று அளவை மட்டும் வைத்துக்கொண்டு மக்கள் எவ்வளவு ஃபுளோரைடு குடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. எந்த வீட்டில் குழாய் நீர், எந்த வீட்டில் ஆழ்துளைக் கிணறு, குழாய் வராத நாளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். "மாற்று நீராதாரங்கள்" என்று எழுதியவருக்கு இந்தத் திட்டம் இருப்பதே தெரியவில்லை.

இப்போது உங்கள் குறிப்பை எழுதிப் பாருங்கள்: கருவி தவறு, மாதிரித் திட்டம் இல்லை, ஒகேனக்கல் திட்டம் கணக்கில் இல்லை. ஆய்வு முறைக்குக் குறைந்த மதிப்பெண் போட இது தாராளம். இதில் ஏஐ என்ற சொல்லே வரவில்லை, வரத் தேவையும் இல்லை. ஒரு மனிதரே அவசரத்தில் உட்கார்ந்து இதை எழுதியிருந்தாலும் மதிப்பெண் இதுதான். மறுபக்கம், ஏஐ திருத்திக் கொடுத்த மழமழ மொழியில் இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறது என்றால் நல்ல மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் பலருக்குக் கசக்கிறது.

சந்தேகமாக இருக்கும் பத்திகளை ஏஐ கண்டுபிடிக்கும் தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். 87 சதவீதம் என்று காட்டியது. இதைக் குழுவிடம் சொல்லலாமா?

முதலில், போட்டுப் பார்த்திருக்கவே கூடாது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுத்தான் அந்தக் கோப்பை வாங்கியிருப்பீர்கள். இன்னொருவருடைய வெளிவராத யோசனையை யாரோ நடத்துகிற தளத்தில் ஏற்றுவது அதை மீறுவது. அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு நிதி நிறுவனமான என்.ஐ.எச்., மதிப்பீட்டாளர்கள் உருவாக்க ஏஐ கருவிகளைப் பயன்படுத்துவதை 2023 ஜூனில் தடை செய்தது. அங்கே அறிவியல் ஆய்வுக்கு நிதி தரும் என்.எஸ்.எஃப். அதே ஆண்டு டிசம்பரில், விண்ணப்பத்தின் எந்தப் பகுதியையும் அங்கீகரிக்கப்படாத ஏஐ கருவிகளில் ஏற்றக் கூடாது என்றது. கண்டறியும் தளங்களில் ஏற்றக் கூடாது என்பதற்கும் காரணம் அதேதான்.

அப்புறம், அந்த எண். ஓபன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் கொடுத்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியவை என்று அவை சொல்லின. பழகிய சொற்களிலும் எளிய வாக்கியங்களிலும் எழுதினால் இயந்திரம் போலத் தெரியும், அவ்வளவுதான். நம் விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோர் எழுதும் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். அந்த 87ஐ மறந்துவிடுங்கள்.

பட்ஜெட் பக்கம் மட்டும் எனக்கு எப்போதும் குழப்பம். எல்லாத் தொகையும் நியாயமாகவே தெரிகிறது. எதை வைத்து மதிப்பிடுவது?

தொகையிலிருந்து தொடங்கினால் எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். ஆய்வு முறையிலிருந்து தொடங்குங்கள். அதே ஃபுளோரைடு திட்டத்தை ஒழுங்காக எழுதியிருந்தால்: 60 கிணறு, வருடத்துக்கு இரண்டு பருவம், இரண்டு வருடம். மொத்தம் 240 மாதிரி. சரிபார்ப்புக்குப் பத்து சதவீதம் இரட்டை மாதிரி சேர்த்தால் 264.

இதை வேலையாக மாற்றுங்கள். ஒரு நாளைக்கு ஆறு கிணறு என்றால் ஒரு பருவத்துக்குப் பத்து நாள், மொத்தம் நாற்பது நாள் களப்பணி. மின்முனையில் ஒரு நாளைக்கு முப்பது மாதிரி அளக்கலாம் என்றால் ஆய்வக வேலை ஒன்பது பத்து நாள். வீட்டுக் கணக்கெடுப்பு, தரவு வேலை, எழுதுவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு இளநிலை ஆய்வாளர், அதாவது ஒரு ஜேஆர்எஃப் போதும். மத்திய அரசு 2023இல் உயர்த்திய விகிதப்படி மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு 8,88,000, வீட்டு வாடகைப்படி தனி. பட்ஜெட்டில் இரண்டு ஜேஆர்எஃப், 17,76,000 என்று இருந்தால், இரண்டாமவர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்க உங்களிடம் இப்போது கணக்கு இருக்கிறது. பதில் இருக்கலாம், ஆனால் அது விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

வெறும் சொற்கூட்டமாக எழுதப்பட்ட பட்ஜெட்டின் அடையாளமும் இங்கேதான் தெரியும். பயணத்துக்கு இரண்டு லட்சம், நுகர்பொருளுக்கு மூன்று லட்சம் என்று உருண்டையான தொகைகள், கீழே "திட்டத்தின் வெற்றிக்கு இன்றியமையாதவை" என்று ஒரு விளக்கம். நாற்பது நாள், வண்டி வாடகை நாளொன்றுக்கு இவ்வளவு என்று பெருக்கிக் காட்டினால் சரி பார்க்கலாம், இதில் சரி பார்க்க எதுவும் இல்லை. தலைகீழாகவும் பாருங்கள்: ஆய்வு முறையில் வீட்டுக் கணக்கெடுப்பு என்று இருந்து பட்ஜெட்டில் அதற்கு ஒரு ரூபாயும் இல்லை என்றால், அது நடக்கப் போவதில்லை. குறைவாகக் கேட்பது சிக்கனம் என்று மகிழ்ந்து மதிப்பெண் கூட்ட வேண்டாம்.

உங்கள் படிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்.ஐ.எச்.சில் பட்ஜெட் பற்றிய கருத்து மொத்த மதிப்பெண்ணைப் பாதிக்கக் கூடாது, தனியாகத்தான் சொல்ல வேண்டும். பட்ஜெட்டுக்கென்று மதிப்பெண் கட்டம் இருக்கிற படிவத்தில் அந்தக் கட்டத்திலேயே குறைக்க வேண்டும்.

குழுவில் மூத்த பேராசிரியர் ஒருவர், "இது ஏஐ, எனக்குத் தெரியும்" என்று சொல்லி பத்துக்கு மூன்று போட்டார். நான் ஏழு போட்டிருந்தேன். அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

எதிர்க்க வேண்டியதில்லை. "சார், ஆய்வு முறையில் எந்த இடம் உங்களுக்குச் சரியாகப் படவில்லை?" என்று கேட்டிருக்கலாம். அவர் ஒரு இடத்தைக் காட்டினால் நல்லது, உங்கள் ஏழு தவறாகக்கூட இருக்கலாம். காட்டாவிட்டால், குழுச் செயலர் குறிப்பு எழுதும்போது மூன்றுக்குக் காரணம் என்று எதைப் போடுவார்? விண்ணப்பதாரருக்குப் போகும் கடிதத்தில் "மொழி நடை சந்தேகத்துக்குரியது" என்று எழுத யாரும் துணிய மாட்டார்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் மதிப்பெண் தானாக நகரும்.

உண்மையில் எங்கேயும் வெளிவராத கட்டுரை ஒன்று விண்ணப்பத்தின் மேற்கோள் பட்டியலில் இருக்கிறது. இதற்கும் இதே பதில்தானா?

இல்லை, இது வேறு. கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐயைத் தட்டிப் பாருங்கள், தலைப்பைத் தேடுங்கள், அந்த இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து பாருங்கள். வருடமோ பக்க எண்ணோ மாறியிருந்தால் அது கைப்பிழை, விட்டுவிடலாம். இதழ் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கட்டுரை மட்டும் எங்கேயும் இல்லை என்றால் நீங்களே மதிப்பெண்ணில் தண்டிக்காமல், ஆதாரத்துடன் நிதி நிறுவனத்தின் திட்ட அலுவலருக்கு எழுதுங்கள். விசாரிக்க அவர்களுக்கு வழிமுறை இருக்கிறது, விண்ணப்பதாரருக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் அங்கேதான் கிடைக்கும்.

நான் விண்ணப்பிக்கிற பக்கம். ஆங்கிலம் தடுமாறும் என்பதால் ஏஐ வைத்துத் திருத்துகிறேன். மறைக்க வேண்டுமா?

மறைக்காதீர்கள். அறிவிப்பில் என்ன கேட்டிருக்கிறது என்று பார்த்து, சொல்லச் சொன்னால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். விதி இடத்துக்கு இடம் வேறு. என்.எஸ்.எஃப். பயன்படுத்தியதைத் தெரிவிக்க ஊக்குவிக்கிறது. என்.ஐ.எச்., 2025 செப்டம்பர் 25 முதல், பெரும்பகுதி ஏஐ உருவாக்கிய விண்ணப்பங்களை விண்ணப்பதாரரின் சொந்த யோசனையாக ஏற்பதில்லை. ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கு ஆறு விண்ணப்பம்தான் போடலாம் என்றும் வரம்பு வைத்திருக்கிறது.

ஒரு கவனம் மட்டும். திருத்தும்போது உங்கள் எண்கள் காணாமல் போகும். "60 கிணறு, மே மாதமும் ஜனவரியும்" என்று நீங்கள் எழுதியது "பல பருவங்களில் பிரதிநிதித்துவ மாதிரிகள்" என்று அழகாகித் திரும்பி வரும். கிணற்றின் எண்ணிக்கை, மாதம், கருவியின் பெயர், நாள் கணக்கு எல்லாவற்றையும் முதல் வரைவில் அடிக்கோடிட்டு வையுங்கள். திருத்தி வந்ததும் ஒவ்வொன்றும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.